கோயிலுக்கு நிலம் தந்தவருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பல காலமாகச் சாலையோரத் தகரக் கொட்டகைதான் கோயில். இருந்த இடமோ சாலைப் புறம்போக்கு. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஊர்க் கூட்டம் போட்டோம். அந்தக் கூட்டத்துக்குத் தன் மகனை அனுப்பி, "குளத்துக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் புன்செயில் 8 சென்ட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியனுப்பினார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஊரில் பாதிப்பேருக்கு அவரிடம் படித்த பழக்கம். இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

திருப்பணிக் குழு சார்பில் நன்றிக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் முதலில் எழுதியது முழுக்கப் பாராட்டு. கர்ணனும் பாரியும் வந்து போனார்கள். கடிதம் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, கடிதம் நல்லா இருக்கு. ஆனா பத்திரம் யார் பேர்ல எழுதணும்? நான் எங்கே வந்து கையெழுத்துப் போடணும்? நாளைக்கு என் பேரன் கேட்டா அந்த இடத்துல என்ன இருக்குன்னு நான் சொல்லணும், அதுவும் இதுல இல்லையே" என்றார். மூன்றுக்கும் என் கடிதத்தில் பதில் இல்லை. நிலம் கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியவை அந்த மூன்றும்தான். அதனால் இரண்டாவது கடிதம் எழுதினோம். அதில் எந்த வரியை ஏன் எழுதினோம் என்பதை இங்கே சொல்கிறேன், இதே நிலையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்குப் பயன்படும்.

இரண்டாவது கடிதம் இப்படித் தொடங்கியது:

"அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு வணக்கம். நம் ஊர் மாரியம்மன் கோயிலுக்காகத் தங்கள் புன்செய் நிலத்தின் வடகிழக்கு மூலையில் 8 சென்ட் தருவதாகத் தாங்கள் தெரிவித்ததை ஊர்க் கூட்டத்தில் அனைவரும் நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். பத்திரம் பதிவாகும் வரை நிலம் தங்களுடையது. அதுவரை அங்கே வேலியோ கொட்டகையோ போட மாட்டோம்."

இதில் 'ஏற்றுக்கொண்டோம்' என்ற சொல் மரியாதைக்காகப் போட்டது மட்டும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 122-ஆம் பிரிவில் தானத்துக்கு இலக்கணம் சொல்கிறது: கொடுப்பவர் மனமுவந்து, கைம்மாறு வாங்காமல் கொடுக்க வேண்டும், பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பும், கொடுப்பவர் உயிரோடும் கொடுக்கும் தகுதியோடும் இருக்கும்போதே நடந்தாக வேண்டும். எழுபது, எண்பது வயதில் நிலம் கொடுப்பவர்கள்தான் அதிகம் என்பதால் தேதியோடு எழுதிய ஏற்புக்குப் பின்னாளில் மதிப்பு உண்டு. தெய்வத்துக்கு அர்ப்பணிப்பது இந்தப் பிரிவுக்குள் வராது, தெய்வம் 'உயிருள்ள நபர்' இல்லை, இந்து சட்டப்படி வாய்ச்சொல்லாலேயே அர்ப்பணிக்கலாம் என்று நீதிமன்றங்கள் சொன்னதும் உண்டு. இருந்தாலும் வாய்ச்சொல்லை முப்பது வருடம் கழித்து யார் போய் நிரூபிப்பது? எழுதிப் பதிவதே நல்லது.

அதே நேரம், கடிதத்தால் நிலம் கைமாறிவிடாது. நிலத்தைத் தானமாகக் கொடுக்க, கொடுப்பவர் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டு, பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது 123-ஆம் பிரிவு. 'பத்திரம் பதிவாகும் வரை நிலம் தங்களுடையது' என்று எழுதியது இதனால்தான். பல ஊர்களில் சொல் கிடைத்த மறுநாளே கால் நட்டுப் பந்தல் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் யாராவது மனம் மாறினால் அப்புறம் இரண்டு பக்கமும் சங்கடம்.

அடுத்ததாக, பத்திரம் யார் பெயரில் என்பது. டீச்சர் முதலில் கேட்டதும் இதைத்தான். என்னைக் கேட்டால் மொத்தக் கடிதத்திலும் கனமான பத்தி இதுதான்.

பக்கத்து ஊரில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன்னால் அங்கே கோயிலுக்கென்று ஒருவர் இடம் கொடுத்தார். பத்திரத்தை அப்போதைய ஊர்ப் பெரியவர் பெயரில் எழுதினார்கள். 'கோயிலுக்காக' என்று எங்கேயும் எழுதவில்லை. அவர் நல்லவர், இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் காலமான பிறகு வாரிசுச் சான்றை வைத்துப் பட்டா மகன்கள் பெயருக்குப் போனது. அவர்களில் ஒருவர் கோயிலின் முன்பகுதியைத் தன் பாகம் என்று விற்றுவிட்டார். இன்றைக்கு அங்கே தேர் திரும்ப இடமில்லை, திருவிழாவுக்குத் தேரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பத்திரத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

அந்த வரியைக் கடிதத்தில் இப்படி எழுதினோம்: "தானப் பத்திரம், அருள்மிகு மாரியம்மன் திருக்கோயிலுக்கு, அதன் சார்பில் தற்போதைய நிர்வாக அறங்காவலரும் அவருக்குப் பின் அப்பொறுப்புக்கு வருபவர்களும் பெற்றுக்கொள்வதாக எழுதப்படும். தனி நபர் எவர் பெயரிலும் எழுதப்படாது."

நம் சட்டத்தில் தெய்வம் ஒரு சட்ட நபர், சொத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் தானே கையெழுத்துப் போட முடியாது, அதனால் எப்போதும் மைனரைப் போலக் கருதி, சார்பில் நிற்க ஓர் அறங்காவலர் வேண்டும் என்பார்கள். இந்த ஏற்பாடு வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது என்று நினைக்க வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் சிவன் கோயில் நிலம் விற்றதும் வாங்கியதும் சண்டேசுவரர் பெயரில்தான். கோயில் நில விற்பனைக்குச் 'சண்டேசுவரப் பெருவிலை' என்றே பெயர். இறைவனுடைய சொத்துக்குக் காரியம் பார்ப்பவர் அவர், மனிதர் யாரும் உரிமையாளர் ஆவதில்லை. இன்றைய பத்திரத்தில் 'சார்பில்' என்று எழுதும்போது அதே வேலையைத்தான் செய்கிறோம்.

கோயில் ஏற்கெனவே இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருந்தால், தக்காரோ செயல் அலுவலரோ அறங்காவலரோ கோயில் சார்பில் பெற்றுக்கொள்வார். எங்கள் கோயில் போலத் துறைக் கணக்கில் இல்லாத சின்னக் கோயில் என்றால், முதலில் ஊர் சார்பில் ஓர் அறக்கட்டளையை எழுதிப் பதிந்துவிட்டு, அதன் நிர்வாக அறங்காவலரை வைத்துப் பெறுவது சுலபம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த ஆவணத்திலேயே, அறங்காவலர் பதவி மகனுக்குப் போகாது, ஊர்க் கூட்டம் தேர்ந்தெடுக்கும் என்று எழுதிவிட்டோம்.

சரி, நிலம் எப்படிக் கைமாறும்? கடிதத்தில் இதை டீச்சர் செய்ய வேண்டியது, நாங்கள் செய்ய வேண்டியது என்று பிரித்து எழுதினோம். வயதானவர் எத்தனை தடவை அலுவலகத்துக்கு வர வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. பதில்: ஒரே ஒரு தடவை. அதற்கும் முடியாது என்றால், தக்க காரணத்தைக் காட்டிச் சார்பதிவாளரையே வீட்டுக்கு வரவழைத்துப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம்.

முதல் வேலை, கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது. இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கும். தானம் கொடுப்பவரிடம் மூலப் பத்திரம் கேட்பதா என்று குழுவிலேயே முகம் சுளித்தார்கள். ஆனால் கேட்டே ஆக வேண்டும். டீச்சருடைய நிலம் அவர் கணவர் சம்பாதித்து வாங்கியது. கணவர் இறந்துவிட்டார். உயில் இல்லாததால் நிலம் டீச்சருக்கும் ஒரு மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் சம பாகம், ஆளுக்கு நாலில் ஒன்று. டீச்சர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அவருடைய கால் பங்குதான் கோயிலுக்கு வரும். அதனால் நான்கு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை மறைக்காமல் கடிதத்தில் சொன்னோம். கட்டிக் கொடுத்த பெண்களுக்குக் கையெழுத்து எதற்கு என்று ஊரில் இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பூர்வீகச் சொத்திலும் மகள்கள் பங்குதாரர்கள். தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும் சட்டம் திருத்தியாகிவிட்டது. மகள் கையெழுத்து இல்லாத தானம் என்றைக்கும் அரைகுறைதான். டீச்சரின் இரண்டு மகள்களும் சந்தோஷமாக வந்தார்கள்.

வில்லங்கச் சான்றைத் tnreginet.gov.in தளத்தில் எடுத்துப் பார்த்தோம். குறைந்தது முப்பது வருடத்துக்காவது பார்க்க வேண்டும். அடமானம் எதுவும் இல்லை. ஆனால் பத்திரத்தை வங்கியில் கொடுத்து வாங்கிய கடன் சில சமயம் சான்றில் தெரியாது. அதனால் அசல் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நகல்தான் இருக்கிறது, அசல் வீட்டில் எங்கேயோ இருக்கும் என்று சொன்னால் அங்கே நின்று விசாரிப்பது நல்லது. அப்புறம், அந்த நிலம் அரசு ஒப்படை நிலமா, பஞ்சமி நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதி மக்களுக்கென்று நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலத்தை அவர்கள் அல்லாத யாருக்கும் எந்தக் காரணத்துக்கும் கைமாற்றக் கூடாது. கோயில் என்றாலும் அது அவர்கள் நிலம்தான்.

இரண்டாவது வேலை அளப்பது. 'வடகிழக்கு மூலையில் 8 சென்ட்' என்று வாயால் சொல்வது எளிது. முழு நிலம் 1 ஏக்கர் 42 சென்ட், ஒரே புல எண். 8 சென்ட் என்றால் சுமார் 3,485 சதுர அடி. வருவாய்க் கணக்கில் 3.24 ஏர். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எங்கிருந்து எங்கே என்று சொல்லாமல் பத்திரம் எழுதினால், பின்னால் எந்த 8 சென்ட் என்ற சண்டை வரும். புலப்படத்தை வைத்துக்கொண்டு நில அளவரோடு நடந்து, நான்கு மூலையிலும் கல் நட்டோம். கிழமேல் 68 அடி, தென்வடல் 51 அடி 3 அங்குலம். கல் நட்ட அன்றைக்குத்தான் ஒரு விஷயம் தெரிந்தது: அந்த மூலைக்கும் குளத்து வழிக்கும் நடுவே டீச்சருடைய வயல் 30 அடி அகலத்துக்கு நிற்கிறது. கோயிலுக்குப் போக வழியே இல்லை! இதைச் சொன்னதும் டீச்சர், "அதுக்கென்ன, 12 அடிப் பாதை எழுதிக்கோங்க" என்றார். அதைப் பத்திரத்தில் தனி வரியாக, தேரும் தண்ணீர் லாரியும் போகும்படியான நிரந்தர வழிநடைப் பாத்தியம் என்று சேர்த்தோம். டீச்சர் இருக்கும்வரை வழி ஒரு பிரச்சினையே இல்லை. நாளைக்கு அந்த வயலை வேறு யாராவது வாங்கினால்தான் பிரச்சினை, அதற்காகத்தான் எழுத்து.

நிலத்தை நடந்து எல்லை காட்டும் வழக்கத்துக்கு நம்மிடம் பெரிய முன்மாதிரி ஒன்று உண்டு. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் இப்போது நெதர்லாந்தின் லெய்டன் பெயரால் அறியப்படுகின்றன. அரசன் வாய்மொழியாக ஆணையிட்டான். பிறகு அதிகாரிகள் ஓலை எழுதினார்கள். அப்புறம் பெண் யானை ஒன்றை எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். செப்பேட்டில் எழுதி முடித்தது அவன் மகன் இராசேந்திரன் காலத்தில். வாய்ச்சொல், எல்லை நடை, எழுத்து என்ற அதே வரிசையில்தான் நாங்களும் போனோம். யானைக்குப் பதில் அளவுச் சங்கிலி.

மூன்றாவது வேலை பதிவு. செலவை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கடிதத்தில் எழுதினோம், ஏனென்றால் நிலத்தையும் கொடுத்துவிட்டு முத்திரைக் கட்டணத்தையும் கொடுப்பவர் தலையில் கட்டும் ஊர்களைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குத்தான் சலுகைக் கட்டணம். வெளியாருக்குத் தானம் என்றால் விற்பனை போலவே வழிகாட்டி மதிப்பில் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை, 2 விழுக்காடு பதிவுக் கட்டணம். எங்கள் பகுதியின் வழிகாட்டி மதிப்பு சென்ட்டுக்கு 20,000 ரூபாய் என்று வந்தது. 8 சென்ட்டுக்கு 1,60,000. தீர்வை 11,200, கட்டணம் 3,200, ஆக 14,400 ரூபாய். இதோடு பத்திர எழுத்தர் கூலியும் சின்னச் சின்னச் செலவும். "இவை அனைத்தும் கோயில் பொறுப்பு, தங்களுக்கு ஒரு ரூபாயும் செலவு இல்லை" என்று எழுதினோம்.

நான்காவது வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: பட்டா. பத்திரம் பதிவான அன்றைக்கு ஊரே இனிப்பு சாப்பிடும், அத்தோடு மறந்துவிடுவார்கள். ஒரு புல எண்ணில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்திருப்பதால் உட்பிரிவு செய்து கோயில் பெயரில் தனிப் பட்டா வர வேண்டும். அதற்கு விண்ணப்பம் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், அளவர் வந்து பார்த்து, புலப்படத்தில் கோடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் 1 ஏக்கர் 42 சென்ட்டும் பழைய பெயரிலேயே நிற்கும். பட்டாவை மட்டும் நம்பி ஒருவர் முழுவதையும் வாங்கிவிட்டால் அடுத்த தலைமுறை நீதிமன்றத்தில்தான் நிற்கும். ஏறிவிட்டதா என்று eservices.tn.gov.in தளத்தில் புல எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். கடிதத்தில் "பட்டா நகல் தங்கள் கைக்கு வரும் வரை எங்கள் வேலை முடிந்ததாகக் கருத மாட்டோம்" என்று எழுதினோம். டீச்சருக்கு மிகவும் பிடித்த வரி அதுதான் என்று பிறகு சொன்னார்.

இனி, பேரன் கேட்டால் என்ன சொல்வது என்ற கேள்வி. நிலத்தில் என்ன வரும் என்பதைப் பத்திரத்திலும் கடிதத்திலும் ஒரே சொல்லில் எழுத வேண்டும், இரண்டும் வேறு வேறாக இருந்தால் குழப்பம். நாங்கள் எழுதியது: "கருவறை, முன்மண்டபம், சுற்றுப் பிராகாரம், பொங்கல் வைக்கத் திறந்தவெளி, ஒரு கிணறு. ஊர் மக்கள் அனைவரும் சாதி வேறுபாடின்றி உரிமையோடு வழிபடும் பொதுக் கோயிலாக மட்டுமே இந்த நிலம் பயன்படும். கடைகளோ வாடகைக் கட்டடமோ கட்டப்படாது."

இதில் 'உரிமையோடு' என்பது யோசித்துப் போட்ட சொல். 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம், இந்துக்கள் உரிமையாகப் பொதுவில் வழிபடும் இடத்தைத்தான் 'கோயில்' என்கிறது. அப்படி ஆகிவிட்டால் துறையின் மேற்பார்வைக்கு இடம் வரும், சிலர் அதற்குத் தயங்குகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகை விடவோ முடியாது என்கிறது. பக்கத்து ஊர் தேர்முட்டியை நினைத்துப் பார்த்தால் எனக்கு அந்தத் தயக்கம் வரவில்லை. 'சாதி வேறுபாடின்றி' என்று எழுதுவதற்குக் குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். 1947-லேயே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது, எழுதினாலும் எழுதாவிட்டாலும் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று சொன்னேன். டீச்சர் இன்னும் நேராகச் சொன்னார்: "என் வகுப்புல எல்லாப் பிள்ளையும் ஒரே பெஞ்சுலதான் உட்கார்ந்துச்சு. அது இல்லாட்டி நிலம் வேண்டாம்." அதோடு பேச்சு முடிந்தது.

கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டோம். ஊராட்சிப் பகுதியில் பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி கேட்கும் விதி 1997-இன் ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே இருந்தது. அதனால் அடுத்த மாதமே கும்பாபிஷேகம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கொடுக்கக் கூடாத வாக்குகள் இன்னும் சில உண்டு. நன்றி சொல்லும் வேகத்தில் 'தங்கள் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் பரிவட்டமும் முதல் மரியாதையும்' என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரியால் திருவிழாவே நின்றுபோன ஊர்கள் உண்டு. தானம் என்பது கைம்மாறு இல்லாமல் கொடுப்பது. மரியாதையை விலையாக எழுதினால் தானத்தின் தன்மையே மாறுகிறது. பெயர் பொறித்த கல் ஒன்று முன்மண்டபத்தில் வைப்போம் என்று மட்டும் எழுதினோம். வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்றும் சொல்லக் கூடாது, அந்தச் சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான், நிலத்துக்கு இல்லை. கொடுப்பவர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையும் கூடாது, அப்படி எழுதினால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி தானமே செல்லாது. கொடுத்தால் கொடுத்ததுதான். இதைக் கையெழுத்துக்கு முன்பே அவருக்குத் தெரியும்படி எழுத வேண்டியது வாங்குகிறவர்களின் கடமை. எழுதினோம்.

கடிதத்துக்குப் பதிலாக டீச்சர் ஒரு இன்லேண்டு தாளில் நாலு வரி அனுப்பினார். எல்லாவற்றுக்கும் சம்மதம், ஒன்றே ஒன்று சேர்க்க வேண்டும்: தென்மேற்கு மூலையில் இருக்கும் வேம்பு அவர் கணவர் நட்டது, அதை வெட்டக் கூடாது. பழைய தானக் கல்வெட்டுகளில் எல்லைக்குள் அடங்கியதைச் சொல்லும்போது 'மேல் நோக்கின மரமும் கீழ் நோக்கின கிணறும்' என்று வரும். பத்திர எழுத்தரிடம் சொன்னேன். சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளும் வழிநடைப் பாத்தியமும் எழுதி, அதன் கீழே 'மேற்படி மனையில் உள்ள வேப்பமரம் 1 உட்பட' என்று சேர்த்தார். பிராகாரத்தின் மேற்கு மதிலை அந்த மரத்துக்காக நாலடி உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறோம்.